குஞ்சம் வைத்த, கட்டம் போட்ட புடவைப் படத்தின் பின்னணியை நீக்கிய அனுபவம்

தறிநிழல்:
எங்கள் சிறிய இணையக் கடைக்காக, கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய கட்டங்கள் போட்டு, முந்தானை முனையில் அடர்சிவப்புக் குஞ்சங்கள் தொங்கும் புடவை ஒன்றைச் சந்தன நிறச் சுவரின் முன் தொங்கவிட்டுப் படம் எடுத்தோம். பின்னணியைத் தானாக நீக்கும் செயலியில் ஏற்றியபோது, ஓரத்தை ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டங்களையும் சுவரென்றே எடுத்துக்கொண்டு அது வெட்டிவிட்டதால், விளிம்பு எலி கடித்ததுபோல் ஆகிவிட்டது. குஞ்சங்களோ நூல்களுக்கு இடையிலிருந்த வெளி அடைபட்டு ஒரே பட்டையாகத் தெரிந்தன.

ஆகவே போட்டோஷாப்பில் உடலையும் குஞ்சத்தையும் தனித்தனியாகக் கையாண்டோம். உடலுக்குப் பென் டூலே போதும். கோட்டை விளிம்பின் மேலேயே வரையாமல் ஓரிரு பிக்சல் உள்ளே தள்ளி வரைந்தால் சுவரின் நிறம் ஒட்டிக்கொண்டு வராது. அழிப்பானைத் தொடவில்லை, எல்லாவற்றையும் லேயர் மாஸ்க்கில் செய்ததால், தவறாக மறைந்த கட்டத்தை வெள்ளைத் தூரிகையால் மீட்க முடிந்தது.

குஞ்சத்துக்குச் சேனல்கள்தாம் கைகொடுத்தன. சிவப்புச் சேனலில் சிவப்பு நூல் வெளிறிச் சுவரோடு கலந்துவிடுகிறது. நீலச் சேனலில் நூல் கறுத்தாலும், மஞ்சள் சாயல் கொண்ட சுவரும் சற்று இருண்டுவிடுகிறது. பச்சைச் சேனலில்தான் இரண்டும் நன்றாகப் பிரிந்து நின்றன. அதை நகலெடுத்து, லெவல்ஸில் சுவரை வெள்ளைக்கும் நூலைக் கறுப்புக்கும் நகர்த்திப் பின் தலைகீழாக்கி, குஞ்சத்தின் மாஸ்க்காக வைத்தோம். நூலின் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம் மிஞ்சும்படி லெவல்ஸை நிறுத்திவிட வேண்டும்; முழுக் கறுப்பும் முழு வெள்ளையுமாகத் தள்ளினால், நூல்கள் கத்தரிக்கோலால் நறுக்கிய காகிதம் மாதிரி விறைத்துத் தெரியும்.

வண்ணக்கரை:
இவ்வளவு பாடு எதற்கு என்று தெரியவில்லை. பின்னால் ஒரு பச்சைத் துணியைக் கட்டிப் படம் எடுத்தால், ஒரே சொடுக்கில் பின்னணி போய்விடுமே. நான் எல்லாப் புடவைகளுக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒளிமேசை:
புடவையில் இல்லாத நிறத்தைப் பின்னணியாக வைக்க வேண்டும் என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பச்சைத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி, பட்டின் பளபளப்பிலும் மெல்லிய நூல்களிலும் பச்சையாகப் படியும். வாங்குபவர் அதைப் புடவையின் நிறம் என்றே நினைத்துக்கொள்வார். கிளிப்பச்சைப் பூ இருந்தால் அந்தப் பூவும் சேர்ந்தே போய்விடும். இத்தகைய அழுத்தமான வடிவங்களுக்கு நான் நடுச்சாம்பல் நிறத் துணியைக் கட்டி, புடவையை அதிலிருந்து நன்றாக முன்னே தள்ளித் தொங்கவிடுகிறேன். நிழல் துணியில் விழாததே பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது.

தறிநிழல் அவர்களே, சோதிப்பதற்காக அடியில் ஒரு கருநீல லேயரை வைத்துப் பார்த்தீர்களா? வெள்ளையின் மேல் கண்ணுக்குப் படாத வெளிர் ஓரமும், உடலில் விழுந்த ஓட்டைகளும் அப்போதுதான் தெரியும்.

தறிநிழல்:
பார்த்தோம். ஒவ்வொரு நூலைச் சுற்றியும் சந்தன நிறத்தில் ஒரு மெல்லிய கோடு இருந்தது. குஞ்சத்தின் மேல் ஒரு வெற்று லேயரை வைத்து, அதைக் கிளிப்பிங் மாஸ்க் ஆக்கி, நூலின் சிவப்பையே எடுத்து ஓரங்களில் மட்டும் தீட்டினோம். Decontaminate Colors வசதியும் இதைத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் படத்தில் அது கறுப்புக் கட்டத்தின் நிறத்தையும் குஞ்சத்துக்குள் இழுத்துவிட்டது.

பூவேலை:
எனக்கும் இதே சிக்கல்தான். பின்னணியை நீக்கிச் சேமித்த படத்தைக் கடையில் ஏற்றியதும் பின்னணி கறுப்பாக வருகிறது. குஞ்சத்தால்தான் இப்படி ஆகிறதா?

ஒளிமேசை:
அது வேறு சங்கதி. JPEG கோப்பில் ஒளிபுகும் பகுதி நிற்காது. PNG அல்லது WebP ஆகச் சேமியுங்கள்.

இன்னொன்று: கடையின் பக்கம் வெள்ளையாகவே இருக்கப்போகிறதென்றால், குஞ்சத்தை வெட்டவே தேவையில்லை. சுவரை லெவல்ஸில் முழு வெள்ளையாக்கி, அந்தப் பகுதியின் லேயரை மட்டும் மல்டிப்ளையில் வைத்தால், நூல் அப்படியே நிற்கும்; சுவர் மறைந்துவிடும். பக்கத்தின் நிறத்தை மாற்றினால் மட்டும் இது உதவாது.

வண்ணக்கரை:
என்னிடம் வெள்ளி ஜரிகைக் குஞ்சம் வைத்த புடவை ஒன்று இருக்கிறது. வெள்ளைச் சுவரில் எடுத்த அந்தப் படத்துக்கும் மல்டிப்ளை போதுமா?

ஒளிமேசை:
போதாது. சுவரை வெள்ளையாக்கும்போதே வெள்ளியின் மினுக்கும் வெள்ளையோடு போய்விடும். இருண்ட துணியின் முன் மீண்டும் எடுத்தால் மாஸ்க் எளிதாக அமையும். ஆனாலும் வெள்ளைப் பக்கத்தில் வைத்ததும் நூல் திரும்பவும் கரைந்துவிடுகிறது. நான் அதற்கு வெளிர்சாம்பல் பின்னணியைத்தான் வைக்கிறேன்.

தறிநிழல்:
நாங்கள் விற்கும் தளம் தூய வெள்ளையைத் தவிர வேறு பின்னணியை ஏற்பதில்லை. மெல்லிய நிழல் ஒன்றைக் குஞ்சத்தின் அடியில் சேர்த்துப் பார்க்கிறோம். தளம் அதை ஏற்குமா என்று இன்னும் தெரியவில்லை.