புதுப்பிப்பு: ஸ்டீரியோஸ்பெசிஃபிக்கா, ஸ்டீரியோசெலக்டிவா?

அன்று நான் கேட்டது: "ஒரே ஐசோமர் மட்டும் வந்தால் ஸ்பெசிஃபிக், ஒன்று அதிகமாக வந்தால் செலக்டிவ், அவ்வளவுதானே?"

எல்லோருக்கும் நன்றிங்க. கோபி அண்ணன் சொன்ன வழிதான் கைகொடுத்தது: சதவீதத்தை விட்டுவிட்டு, தொடக்கப் பொருளின் ஐசோமரை மாற்றிப் பார்க்கணும்.

மேலீயிக் அமிலத்தில் புரோமின் எதிரெதிர்ப் பக்கமாகச் சேர்ந்தால் ரெசிமிக் கலவை, ஃப்யூமாரிக்கில் மீசோ. தொடக்கம் மாற விளைபொருளும் மாறுகிறது, இது ஸ்பெசிஃபிக். SN2-வும் அப்படியே: R-2-புரோமோஆக்டேனும் காரமும் சேர்ந்தால் S ஆல்கஹால், S கொடுத்தால் R.

2-புரோமோபியூட்டேனை எத்தாக்சைடோடு சூடாக்கினால் கதை வேறு. R ஆனாலும் S ஆனாலும் 2-பியூட்டீனில் டிரான்ஸ்தான் அதிகம், சிஸ்ஸும் கொஞ்சம் வரும். இது வெறும் செலக்டிவ். "E2 என்றாலே ஸ்பெசிஃபிக்" என்ற பெருந்துறை தம்பி பாதி சரி. மூன்றாம் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால் எது போனது என்று தெரிவதில்லை. ஒன்றை டியூட்டீரியமாக மாற்றினால் குட்டு வெளிப்படும்: ஒரு டயாஸ்டீரியோமரில் டிரான்ஸில் டியூட்டீரியம் தங்கும், சிஸ்ஸில் போய்விடும், மற்றதில் தலைகீழ்.

மார்க்கோவ்னிகாவ் விதியைக் கேட்ட திருப்பூர் அக்கா, அது எந்தக் கார்பனில் எது சேரும் என்ற வேறு கணக்குங்க.

எதிர்பாராதது ஒன்று. ஈரோட்டில் எங்கள் லேபில் மேலீயிக் கரைசலில் புரோமின் நீர் விட்டு ஜன்னல் வெயிலில் வைத்தேன். வெள்ளைப் படிகம் இறங்கியதும் டைபுரோமைடு என்று குதித்தேன். கழுவி, செம்புக் கம்பியில் எடுத்துத் தீயில் காட்டினால், புரோமின் இருந்தால் வர வேண்டிய பச்சைச் சுடரே இல்லை. வெளிச்சத்தில் உண்டான புரோமின் அணு மேலீயிக்கை ஃப்யூமாரிக்காகப் புரட்டியிருக்கிறது. அது தண்ணீரில் சரியாகக் கரையாமல் படிந்துவிட்டது. இருட்டில் வைத்து இன்னும் செய்து பார்க்கவில்லை.