புயல் பட்டியலை ஒரே தாளில் அடக்கிய அனுபவம்

தேவனாம்பட்டினம் கலா

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு புயல் வரும் முன் எடுத்து வைக்க வேண்டியது, செய்ய வேண்டியது எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் ஒரு நோட்டில் பட்டியலாக எழுதி வைத்திருந்தோம். வருடா வருடம் அது நீண்டுகொண்டே போனது. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வருகிறது என்றதும் அதைத் தட்டச்சு செய்து அச்செடுத்தேன். 74 வரி, மூன்று தாள். முதல் தாளில் எல்லாம் டிக் ஆகியிருந்தது. இரண்டாவது தாள் டிவி மேலேயே கிடந்தது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை அந்தத் தாளில்தான் இருந்தது. கரண்ட் போன பிறகு, டார்ச் வெளிச்சத்தில் தெருமுனைக் கடைக்கு ஓடினோம். அன்றே ஒரே தாளில் அடக்குவது என்று முடிவு செய்தேன்.

முதலில் உணவு, மருந்து, காகிதங்கள், மின்சாமான், துணி, இதர என்று ஆறு பிரிவாகப் பிரித்தேன். ‘இதர’வில் மட்டும் 19 வரி சேர்ந்துவிட்டது. கையில் தாளோடு வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் காரணம் புரிந்தது. மெழுகுவத்தி பூஜை அறையில், தீப்பெட்டி சமையலறையில், டார்ச் பீரோவில். ஒரே பிரிவை முடிக்க மூன்று அறைக்கு நடக்க வேண்டியிருந்தது. அதனால் நிற்கும் இடத்தை வைத்து மாற்றினேன்: மாடியும் வாசலும், சமையலறை, பீரோ, கிணற்றடி, கையில் தூக்கும் பை, பூட்டும் முன். இதர தானாகவே காலியானது.

அப்புறம் வரிகளைக் குறைத்தேன். உப்பு, புளி போல எப்போதும் வீட்டில் இருப்பதற்குக் கட்டம் தேவையில்லை. ஆனால் ‘தண்ணீர் பிடித்து வைக்கவும்’ என்பதை மூன்றாக உடைத்தேன். குடம் நிறைந்து டேங்க் நிறையாவிட்டால் அந்த ஒற்றைக் கட்டத்தில் டிக் போடுவதா வேண்டாமா? இப்போது 52 வரி. இன்னும் ஒரு தாளில் உட்காரவில்லை. இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை ரவி

எழுத்தை 8 புள்ளிக்குக் குறையுங்கள், வரி இடைவெளியை Exactly 10 pt என்று வையுங்கள். எங்கள் அபார்ட்மென்ட் பட்டியல் அப்படித்தான் அடங்கியது. 70 வரிகூட வரும்.

நெல்லிக்குப்பம் சித்ரா

எதற்கு அச்சு? போனில் நோட்ஸ் ஆப்பில் போட்டால் டிக் தட்டினால் போதுமே. நான் மளிகை லிஸ்ட் எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினம் கலா

சித்ரா, தானேவுக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் வரப் பல நாள் ஆனது. போன் அணைந்தால் பட்டியலும் போய்விடும். அதோடு நான்கு பேர் ஆளுக்கொரு பக்கம் வேலை செய்யும்போது, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளைத்தான் எல்லோரும் பார்க்கிறோம்.

முத்தியால்பேட்டை டிடிபி

இருபது வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். புயல் சீசனில் இதே போலத் தாள்கள் நிறைய வரும்.

ரவி சொன்ன இடைவெளியைக் குறைக்கும் யோசனை பாதி சரி. இடைவெளியைக் குறைத்தால் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் Exactly என்று இறுக்கிப் பிடித்தால் தமிழில் ‘கி’, ‘கீ’யின் மேல் வளைவும் ‘மு’, ‘ழு’வின் கீழ்ப் பகுதியும் வெட்டுப்படும். திரையில் கவனிக்க மாட்டோம், தாளில் தெரியும். 8 புள்ளி எழுத்தை டார்ச் வெளிச்சத்தில் பெரியவர்களால் படிக்கவும் முடியாது. 11க்குக் கீழே போகாதீர்கள்.

முதலில் தாளில் எத்தனை வரி பிடிக்கும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். ஏ4 உயரம் 297 மிமீ. மேலும் கீழும் 15 விட்டால் 267. தலைப்புக்கும் அடியில் தேதி எழுதவும் 30 போனால் 237 மிச்சம். பேனாவால் டிக் போட வரிக்கு 7 மிமீ வேண்டும். அப்படியானால் ஒரு பத்தியில் 33 வரி, இரண்டு பத்தியில் 66. ஆறு தலைப்பும் மேலே விடும் இடமும் சேர்த்து 12 வரி கழியும், 54. தமிழில் வார்த்தை நீளம், ஆறு வரியாவது மடிந்து இரண்டாகும். கடைசியில் 48. உங்கள் 52 அதனால்தான் உட்காரவில்லை. இன்னும் நான்கை எடுங்கள், அல்லது மடிகிற வரிகளைச் சுருக்குங்கள். ‘கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மறக்காமல் அணைக்கவும்’ என்பதற்குப் பதில் ‘சிலிண்டர் அணை’ போதும்.

கட்டத்துக்கு ☐ எழுத்தைப் போடாதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருவில் அது கிடையாது, கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். உங்கள் வீட்டில் ஒன்று, கடைக் கணினியில் இன்னொன்று. வரி உயரம் மாறி கடைசி இரண்டு வரி அடுத்த தாளுக்கு நழுவும். அதற்குப் பதில் அட்டவணை போட்டு, இடது கட்டத்துக்கு மட்டும் கோடு கொடுங்கள். மடிந்த வரியும் கட்டத்துக்கு அடியில் ஓடாமல் வலப்பக்கமே நிற்கும். தலைப்புக்குச் சாம்பல் நிறம் பூசாதீர்கள். ஜெராக்ஸில் புள்ளி புள்ளியாக அழுக்காகிவிடும், தடித்த கோடு போதும்.

கடலூர் முதுநகர் செல்வம்

எங்களுடையது படகு வைத்திருக்கும் வீடு, அறைக் கணக்கு சரிப்படாது. நேரத்தை வைத்துத்தான் பிரித்திருக்கிறோம். துறைமுகத்தில் 1, 2ஆம் எண் கூண்டு ஏற்றினால் புயல் தொலைவில் என்று பொருள். அப்போது வலையும் டீசல் கேனும். 3 ஏற்றினால் இன்ஜினைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவருவது, படகைக் கட்டுவது. அதற்கு மேல் போனால் பை, ஆதார், ரேஷன் கார்டு, கிளம்பு. கலாவின் முறையில் வலையும் மாத்திரையும் ஒரே சமயத்தில் கண்ணில் படும், எது முதலில் என்று தெரியாது.

முத்தியால்பேட்டை டிடிபி

அண்ணே, கூண்டு கப்பலுக்காக ஏற்றுவது. ஒவ்வொரு எண்ணாக வரும் என்று சொல்ல முடியாது, நடுவில் தாண்டிவிடும். பிரிவுத் தலைப்பாக எண்ணை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடலூர் முதுநகர் செல்வம்

தாண்டினால் முந்தின பிரிவில் டிக் இல்லாதது பளிச்சென்று தெரியுமே தம்பி. மேலிருந்து கீழே முடித்துக்கொண்டு வருவோம்.

தேவனாம்பட்டினம் கலா

செல்வம் அண்ணன் சொன்னதை யோசிக்கிறேன். அறைப் பிரிவை அப்படியே வைத்து, முதல் நாளே முடிக்க வேண்டியதற்கு மட்டும் தடித்த கட்டம் போடலாம் என்று தோன்றுகிறது.

அட்டவணையாக மாற்றி 48க்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அச்செடுத்தால் பின்னாலேயே ஒரு வெற்றுத் தாள் வருகிறது. லேமினேட் செய்து வைட்போர்டு மார்க்கரால் டிக் போட்டு அழித்துக்கொள்ளலாமா என்றும் கேட்க நினைத்தேன்.

முத்தியால்பேட்டை டிடிபி

வேர்டில் அட்டவணைக்குக் கீழே ஒரு காலி வரி எப்போதும் இருக்கும், அழிக்க முடியாது. அதைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 ஆக்குங்கள், இடைவெளியை 0 ஆக்குங்கள், வெற்றுத் தாள் போய்விடும். தாள் அளவு Letter என்று இருக்கிறதா பாருங்கள். அது ஏ4-ஐ விட 18 மிமீ குட்டை. பிடிஎஃப் ஆக்கி, அச்செடுக்கும்போது Actual size தேர்வு செய்யுங்கள். Fit கொடுத்தால் எல்லாம் கொஞ்சம் சுருங்கும்.

லேமினேட் எனக்குப் பிடிக்காது. ஈரக் கை பட்டால் மார்க்கர் அழிந்துவிடும். ஐந்து நகல் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

லாஸ்பேட்டை ரவி

நாங்கள் லேமினேட்தான் செய்திருக்கிறோம், ஃபெஞ்சலில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியபோதும் தாள் தப்பித்தது. நகல் நனைந்தால் என்ன செய்வீர்கள்? எழுத்து வெட்டுப்பட்டது மட்டும் உண்மை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ‘மெழுகுவத்தி’யில் ‘ழு’வுக்குக் கால் இல்லை.

தேவனாம்பட்டினம் கலா

வெற்றுத் தாள் போய்விட்டது. நேற்று சாயங்காலம் தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் பின்னாலேயே நடந்தேன். மாடியிலிருந்து பூட்டும் முன் வரை 35 நிமிடம். ஒரே இடத்தில் நின்றார்: பீரோ பிரிவில் ‘பத்திரங்கள்’. எந்தப் பத்திரம் என்று கேட்டார். அந்த வரியை ‘வீட்டுப் பத்திரம், நீலக் கவர்’ என்று மாற்றி இன்று மறுபடி அச்செடுக்கிறேன்.