சுருள் பேட்டர்னில் எல்லோரும் இடது ஓரத்திலேயே சாகிறார்கள், ஹிட்பாக்ஸ் 2 பிக்சல்தான், எங்கே தப்பு?

கதிர்_டெவ்
கோடோவில் ஒரு புல்லட் ஹெல் செய்கிறேன். ஆடுகளம் 480க்கு 640. பாஸ் மேலே நடுவில் நிற்கும், ஆடுபவர் அதற்குக் கீழே ஏறக்குறைய 360 பிக்சல் தள்ளி நிற்பார். ஆடுபவரின் ஹிட்பாக்ஸ் 2 பிக்சல் ஆரம், தோட்டாவின் ஹிட்பாக்ஸ் 5 பிக்சல் ஆரம். மெதுவாக நகரும் பட்டனை அழுத்தினால் கப்பல் பிரேமுக்கு 2 பிக்சல் போகும். பாஸ் 4 பிரேமுக்கு ஒரு தடவை இப்படிச் சுடுகிறது:

```gdscript
angle += deg_to_rad(31)
for i in 12:
    fire(angle + i * TAU / 12, 3.0)
```

31 டிகிரி வைத்தால் வேகமாகச் சுழலும் என்று நினைத்தேன், ஆனால் திரையில் கைகள் மெதுவாக ஊர்கின்றன. 29 போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, 30 போட்டால் நேர்க்கோடாக அப்படியே நிற்கிறது. ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் ‘இதில் வழியே இல்லை’ என்கிறார்கள், எல்லோரும் சாவது இடது ஓரத்தில். இவ்வளவு சின்ன ஹிட்பாக்ஸ் வைத்தும் ஏன்? இன்னொன்று, தோட்டாவை அடிபடாமல் உரசிப் போனால் கிடைக்கும் கிரேஸ் ஸ்கோர் தாறுமாறாக ஏறுகிறது. ஒருவர் தோட்டா வரிசையை ஒட்டியே நகர்ந்து, பாஸை அடித்ததை விட அதிகமாக உரசியே எடுத்துவிட்டார்.

ரவைராஜா
ப்ரோ, ஹிட்பாக்ஸை 1 ஆக்கிப் பாருங்க. அப்புறம் Area2D வைத்திருந்தால் அதைத் தூக்கிவிட்டு நீங்களே தூரம் கணக்குப் போடுங்கள். சின்ன ஹிட்பாக்ஸில் தோட்டா ஒரு பிரேமில் இந்தப் பக்கம், அடுத்த பிரேமில் அந்தப் பக்கம் என்று தாவிவிடும், மோதலே பதிவாகாது. எனக்கு லேசர் மாதிரி வேகமான தோட்டாவில் அப்படி நடந்தது.

சுழல்முனை
தாவல் உண்மையான பிரச்சினைதான், ஆனால் இங்கே இல்லை ராஜா. இரண்டு ஆரமும் சேர்ந்து 7, அதாவது மோதல் வட்டத்தின் குறுக்களவு 14. தோட்டா பிரேமுக்கு 3 பிக்சல்தான் நகர்கிறது, அதனால் தாவ முடியாது. தாவினால் அடி படாமல் போகும், கதிர் சொல்வதோ எல்லோரும் சாகிறார்கள் என்று. Area2Dயை விட்டுவிட்டு நேரடியாகத் தூரம் பார்ப்பது நல்லதுதான், அது வேறு கணக்கு.

கதிர், உங்கள் 12 கைகளுக்கு நடுவே 30 டிகிரி இருக்கிறது. அதனால் 31 டிகிரி திருப்பினால் ஒவ்வொரு கையும் பக்கத்துக் கையின் இடத்தைத் தாண்டி 1 டிகிரி மட்டும் போய் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது அந்த 1 டிகிரிதான். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதை. 29 என்றால் மைனஸ் 1, 30 என்றால் பூஜ்யம். கோடோவில் y கீழ்நோக்கிப் போவதால், பாஸுக்குக் கீழே இருப்பவருக்குக் கோணம் கூடக்கூடக் கை இடது பக்கம் நகரும்.

இப்போது ஒரே கையில் அடுத்தடுத்து வரும் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று பாருங்கள். 360 பிக்சல் தூரத்தில் 1 டிகிரி என்பது பக்கவாட்டில் 6.3 பிக்சல். 4 பிரேமில் தோட்டா 12 பிக்சல் முன்னால் போயிருக்கும். இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி மூலம் எடுத்தால் 13.5 பிக்சல். நுழைய வேண்டுமானால் இரண்டு பக்கமும் 7, மொத்தம் 14 வேண்டும். அரைப் பிக்சல் குறைகிறது. ஆகவே அது சுருள் இல்லை, சுவர். அந்தச் சுவர் பிரேமுக்கு கால் டிகிரி இடது பக்கம் துடைத்துக்கொண்டு வருகிறது. ஆடுபவர் இருக்கும் இடத்தில் அது பிரேமுக்கு 1.6 பிக்சல், அதனால் 2 பிக்சல் வேகத்தில் கூடவே ஓடலாம். ஆனால் நடுவிலிருந்து ஓரம் வரை சுமார் 34 டிகிரிதான், இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும்போது இடம் தீர்ந்துவிடும். அங்கேதான் எல்லோரும் சாகிறார்கள்.

ஹிட்பாக்ஸை 1 ஆக்கினால் தேவை 12, இடைவெளி 13.5. ஒன்றரைப் பிக்சல் வழி கிடைக்கும். காகிதத்தில் நியாயம்தான், ஆனால் அதைக் கண்ணால் பார்த்து யாரும் நுழைய மாட்டார்கள்.

விரல்நுனி
நான் மொபைலுக்குச் செய்கிறேன், என் கேமிலும் இதே புகார், ஆனால் காரணம் வேறு. விரல் கப்பலை மறைத்துவிடும், ஹிட்பாக்ஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கப்பல் விரலுக்கு மேலே கொஞ்சம் தள்ளி நகரும்படி மாற்றினேன், ஹிட்பாக்ஸ் புள்ளியை எல்லாத் தோட்டாக்களுக்கும் மேலே வரைந்தேன், பாதிப் புகார் போய்விட்டது. உங்கள் புள்ளி தெரிகிறதா?

கதிர்_டெவ்
கணினிதான், கீபோர்டு. மெதுவாக நகரும்போது மட்டும் புள்ளி தெரியும், ஆனால் தோட்டாக்களுக்குக் கீழே வரைகிறது, அதை மேலே கொண்டுவருகிறேன். தோட்டாவின் படம் 8 பிக்சல் ஆரம், சுற்றி ஒளிவட்டத்தோடு சேர்த்து 14.

சரி, 35 போட்டுப் பார்த்தேன். கைகள் தெளிவாகத் தெரிகின்றன, நுழையவும் முடிகிறது. ஆனால் இப்போது ஓர் இடத்தில் அசையாமல் நின்றால் பேட்டர்ன் முடியும் வரை அடியே படுவதில்லை! கிரேஸ் மட்டும் கொட்டுகிறது. முன்னால் சாவு, இப்போது சும்மா நிற்பது, நடுவில் எதுவும் இல்லையா?

சுழல்முனை
35 என்பது கண்ணுக்கு 5 டிகிரி. பக்கவாட்டில் 31, முன்னால் 12, இடைவெளி 33.6. பதினான்கைக் கழித்தால் நகர்வதற்கு ஏறக்குறைய 20 பிக்சல் மிச்சம், நல்ல அளவு. ஆனால் 30 என்பது 5ஆல் சரியாக வகுபடும். ஆறாவது சுடுதலில் ஒரு கை பக்கத்துக் கை இருந்த அதே கோணத்துக்கு வந்துவிடுகிறது. எத்தனை சுட்டாலும் தோட்டாக்கள் அதே 72 கோடுகளில்தான் போகும். 31 பிக்சல் அகலச் சந்தின் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் 15 பிக்சலுக்கு மேல் காலி, தேவை 7தான். யாரும் தொட மாட்டார்கள்.

35.3 போடுங்கள். இப்போது ஆறு சுடுதலில் 31.8 டிகிரி, அதாவது அடுத்த சுற்று 1.8 டிகிரி தள்ளி வருகிறது. உங்கள் இடத்தில் அது 11 பிக்சல். சுற்றுக்குச் சுற்று 24 பிரேம் ஆவதால் சந்து பிரேமுக்கு அரைப் பிக்சலுக்கும் குறைவாக நகரும். ஆடுபவர் அதோடு சின்னச் சின்னதாக நகர வேண்டும், ஓரம் நெருங்கும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே எதிர்ப்பக்கச் சந்துக்குத் தாவலாம். சந்தின் அகலம் 33, 24 பிரேமில் 48 பிக்சல் போகலாம், நேரம் போதும். முன்னால் அந்தத் தாவலுக்கு வழியே இல்லை, அதுதான் வித்தியாசம்.

ஒளிவட்டத்தைக் கட்டாயம் குறையுங்கள். தோட்டா 8 பிக்சல் ஆரம் என்றால் 33.6 இடைவெளியில் கண்ணுக்கு 17 பிக்சலுக்கு மேல் காலி தெரியும். ஒளிவட்டத்தோடு 14 என்றால் 5.6தான் தெரியும். உண்மையில் 20 பிக்சல் வழி இருந்தும் ஆள் அதைச் சுவர் என்று படித்துத் திரும்பிவிடுவார். ஹிட்பாக்ஸைச் சிறியதாக்கிவிட்டுப் படத்தைப் பெரியதாக வைப்பது கிரேஸுக்கு நல்லது, வழி காட்டுவதற்கு நல்லதில்லை.

ரவைராஜா
35.3க்கு பதில் 35 வைத்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொஞ்சம் ரேண்டம் கோணம் கொடுத்தால்? சும்மா நிற்பவன் மாட்டுவான்.

சுழல்முனை
மாட்டுவான், ஆனால் ஏன் மாட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வரப்போகும் சுற்று எங்கே விழும் என்று ஊகிக்க முடிவதால்தான் சுருளைப் படிக்க முடிகிறது. ரேண்டம் வேண்டுமானால் தனி அடுக்காக மெதுவான பெரிய தோட்டாக்கள் சிலவற்றை விடுங்கள்.

ரவைராஜா
எனக்கு இன்னும் ரேண்டம் பிடிக்கும், ஆளுக்கு ஆள் ரசனை. இன்னொன்று, சுடுவதை `_process`இல் வைத்திருந்தால் `_physics_process`க்கு மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நான்கு பிரேம் என்பது வேறு நேரம், நீங்கள் போட்ட கணக்கெல்லாம் போச்சு.

கதிர்_டெவ்
`_physics_process`தான். 35.3 நன்றாக இருக்கிறது, ஒளிவட்டத்தையும் வெட்டினேன், ஓரத்தில் சாவது நின்றுவிட்டது. கிரேஸுக்கு என்ன செய்வது? கப்பலைச் சுற்றி 20 பிக்சல் ஆரம், உள்ளே தோட்டா இருக்கும் பிரேம் எல்லாவற்றுக்கும் 10 புள்ளி.

சுழல்முனை
பிரேமுக்குப் பிரேம் கொடுத்தால் மெதுவான தோட்டாதான் பணக்காரன். 16 பிக்சல் தள்ளிக் கடக்கும் தோட்டா, உங்கள் 20உம் தோட்டாவின் 5உம் சேர்ந்த 25 பிக்சல் ஆர வட்டத்துக்குள் 38 பிக்சல் பயணம் செய்யும், அதாவது 13 பிரேம், 130 புள்ளி. அதுவே இரட்டை வேகத்தில், இன்னும் ஆபத்தாக வந்தால் பாதிதான். தோஹோ கேம்களில் ஒரு தோட்டாவுக்கு ஒரு கிரேஸ்தான், லேசர் மட்டும் தொடர்ந்து கொடுக்கும். நீங்களும் தோட்டாவில் ஒரு கொடி வையுங்கள்:

```gdscript
var d2 = b.position.distance_squared_to(player.position)
if d2 < 49.0:
    player.hit()
elif d2 < 625.0 and not b.grazed:
    b.grazed = true
    score += 10
```

49 என்பது 7இன் வர்க்கம், 625 என்பது 25இன் வர்க்கம். மோதலை முதலில் பார்க்க வேண்டும்.

விரல்நுனி
இதில் எனக்கு ஓர் உறுத்தல். வட்டத்துக்குள் நுழைந்ததுமே புள்ளி என்றால், அந்தத் தோட்டாவே அடுத்த பிரேம்களில் ஆளைக் கொன்றாலும் கிரேஸ் எண்ணப்பட்டிருக்கும். நான் தோட்டா வட்டத்தை விட்டு வெளியேறும்போதுதான் கொடுக்கிறேன், ஹிட்பாக்ஸுக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதை வைத்துப் புள்ளி கூடும்.

சுழல்முனை
வெளியேறும்போது கொடுத்தால் சத்தமும் பொறியும் தாமதமாக வரும், உரசின உணர்வு இருக்காது. 38 பிக்சல் பயணத்துக்கு 13 பிரேம், அதாவது கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு, காதுக்கு அது நன்றாகத் தெரியும். நடுவழி ஒன்று இருக்கிறது, நுழையும்போது சத்தம், வெளியேறும்போது புள்ளி. ஆனால் சத்தம் கேட்டும் புள்ளி ஏறாததைச் சிலர் பக் என்பார்கள்.

கதிர்_டெவ்
சத்தம் முன்னால், புள்ளி பின்னால் என்பதை முயன்று பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, பாஸுக்கு 120 பிக்சல் கிட்டே போனால் 35.3இலும் சுவராகத்தான் இருக்கிறது.

சுழல்முனை
அங்கே இடைவெளி 16.4, பதினான்கு போனால் 2.4. கிட்டே நெருக்கமாக இருப்பது சுருளின் இயல்பு. நிறைய ஷூட்டர்களில் ஆள் மிக நெருக்கத்தில் இருந்தால் எதிரி சுடவே மாட்டான். அதை வைத்தால் கிட்டே நின்று பாஸை அடிப்பதும் ஒரு வழியாகிவிடும், உங்களுக்கு அது வேண்டுமா?

கதிர்_டெவ்
வேண்டும், ஆனால் கிரேஸ் கேமில் கிட்டே போய் உரசுபவனுக்குத் தோட்டாவே இல்லை என்றால் அவன் ஸ்கோருக்கு என்ன செய்வான்?