இன்டர்ன்ஷிப்பைச் சேர்த்தால் 5 வருடம்: மறுபடி கேட்கலாமா?

மாரத்தஹள்ளி_மணி: 5 வருட அனுபவம் கேட்ட வேலை. எனக்கு 2020 ஆகஸ்டிலிருந்து 2025 பிப்ரவரி முடிய 4 வருடம் 7 மாதம். அதற்கு முன் அதே டீமில் 6 மாத இன்டர்ன்ஷிப். "அனுபவம் போதாது" என்று மெயில் வந்துவிட்டது. இன்டர்ன்ஷிப் அனுபவமே இல்லை, திரும்பக் கேட்டால் அசிங்கம் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படியா?

பி.எஃப்_பாண்டியன்: நான்தான் சொன்னேன். பி.எஃப். பாஸ்புக்கில் வராத மாதம் அனுபவம் இல்லை. முடிந்தது கதை.

கம்மனஹள்ளி_கலா: பாண்டியன் சார், பி.எஃப். சேமிப்புக் கணக்கு, அனுபவச் சான்றிதழ் இல்லை. மணி, அப்ளை பண்ணும்போது வருடக் கட்டத்தில் 4 என்று போட்டிருப்பீர்கள். 5-க்குக் கீழே இருப்பதால் சிஸ்டமே தள்ளிவிட்டிருக்கலாம், ரெஸ்யூமை யாரும் திறக்காமலேகூட இருந்திருக்கலாம். அதனால் கேட்பதில் தப்பில்லை. நோ-ரிப்ளை முகவரிக்குப் பதில் போட்டால் எங்கும் போகாது. ரெக்ரூட்டர் பெயரைத் தேடி, இரண்டு மூன்று நாளுக்குள் ஒரே ஒரு மெயில் போடுங்கள். சப்ஜெக்டில் வேலை எண் இருக்கட்டும். உள்ளே இவ்வளவு போதும்:

"தங்கள் முடிவுக்கு நன்றி. என் முழுநேர அனுபவம் 4 வருடம் 7 மாதம். அதற்கு முன் அதே டீமில் 6 மாதம் இன்டர்னாக இருந்தேன். சேர்த்தால் 5 வருடம் 1 மாதம். தேதியுள்ள சான்றிதழ்களை இணைத்திருக்கிறேன். இதைக் கணக்கில் எடுக்க விதி இடம் தந்தால், ஒருமுறை பரிசீலிக்க வேண்டுகிறேன்."

"உங்கள் சிஸ்டம் தப்பு" என்று ஒரு வார்த்தை எழுதினாலும் காரியம் கெட்டது.

பி.எஃப்_பாண்டியன்: வெரிஃபிகேஷனில் யு.ஏ.என். பார்ப்பார்கள். அங்கே 2020 ஆகஸ்ட்தான் நிற்கும். அப்போது அக்கா வந்து காப்பாற்றுவாரா?

கம்மனஹள்ளி_கலா: அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன். இன்டர்ன்ஷிப் தொடங்கிய 2020 பிப்ரவரியிலிருந்தே நிரந்தர வேலை என்று எழுதினால்தான் தேதி உதைக்கும், கைக்கு வரும் ஆஃபரும் போகும். படித்துவிட்டுப் பேசுங்கள்.

தாராவி_தமிழன்: மும்பையில் எனக்கும் இதே கதை. பொதுத்துறை வேலை, கடைசித் தேதி அன்று அனுபவம் 20 நாள் குறைவு. மெயில் போட்டேன், பதிலே இல்லை.

கம்மனஹள்ளி_கலா: அது வேறு தம்பி. அங்கே விளம்பரத்தில் போட்ட தேதிதான் கணக்கு, ரெக்ரூட்டர் நினைத்தாலும் வளைக்க முடியாது. கேள்வி தனியார் வேலை.

தாராவி_தமிழன்: எல்லா இடத்திலும் ரூல் ரூல்தானே?

மாரத்தஹள்ளி_மணி: சர்டிஃபிகேட்டில் "ப்ராஜெக்ட்டை வெற்றிகரமாக முடித்தார்" என்று மட்டும்தான் இருக்கிறது. தேதி இல்லை.

கம்மனஹள்ளி_கலா: அதை அப்படியே அனுப்பாதீர்கள். தேதி போட்டு ஒரு மெயில் தரும்படி பழைய ஹெச்.ஆரிடம் கேளுங்கள். தரவில்லையென்றால் ஆஃபர் லெட்டரும், ஸ்டைபெண்ட் வரவு தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்.

பி.எஃப்_பாண்டியன்: ஸ்டைபெண்ட் சம்பளமா? அதையாவது சொல்லுங்கள்.

கம்மனஹள்ளி_கலா: சம்பளம் என்று யார் சொன்னது? போன மாதம் நோட்டீஸ் பீரியட் திரியிலும் இதே பிடிவாதம்தான்.

பி.எஃப்_பாண்டியன்: அந்தத் திரியில் நான் சொன்னதுதான் சரி. லிங்க் போடட்டுமா?