மாவு மில் வைக்கிற கோலப்போட்டிக்கு அறிவிப்பு எழுதணும், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கொருக்குப்பேட்டை
எங்க தெருமுனையில இருக்குற மாவு மில் என் மாமாவோடது. இந்த மார்கழியில கோலப்போட்டி வைக்கணும்னு அவருக்கு ரொம்ப ஆசை. மாவும் பரிசும் அவர் பொறுப்பு, நடத்துறது தெருப் பொம்பளைங்க நாங்க. மில் ஷட்டர்ல ஒட்டவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடவும் அவர் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

"மாபெரும் கோலப்போட்டி! 15 புள்ளிக் கோலம். 1 கிலோ மாவு வாங்குவோருக்கு நுழைவுக் கூப்பன். முதல் பரிசு ஒரு வருடம் இலவச அரைவை. குலுக்கலில் சிறப்புப் பரிசும் உண்டு. அனைவரும் வருக!"

பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி, இந்த மாதிரி போட்டியில கோலம் போட்டவங்க, நடத்தினவங்க, மார்க் போட்டவங்க என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க. எங்கெங்க பிரச்சினை வந்துச்சுன்னு தெரிஞ்சா இப்பவே திருத்திடுவோம்.

திருவொற்றியூர் அக்கா
நான் நாலஞ்சு தெருப்போட்டிக்கு மார்க் போட்டிருக்கேன்மா. "15 புள்ளி" மட்டும் எழுதினா கட்டாயம் சண்டை வரும். எங்க ஏரியாவுல ஒரு தடவை அப்படியே எழுதிட்டாங்க. முதல் கட்டத்துல ஒருத்தி நேர்ப்புள்ளி வெச்சு, 15, 13, 11னு ரெண்டு பக்கமும் ஒண்ணுல முடிச்சிருந்தா. அதுல மொத்தம் 113 புள்ளி. பக்கத்துல இருந்தவ 15ல ஆரம்பிச்சு 8 முடிய இடுக்குப்புள்ளி வெச்சா, அது 169. மூணாவது ஒரு பாட்டி இடுக்குப்புள்ளியையே ஒண்ணு வரைக்கும் இறக்கிட்டாங்க. அது 225. அந்தம்மா பாதிச் சிக்கு எடுக்கும்போதே நேரம் முடிஞ்சுபோச்சு. மூணுமே 15 புள்ளிக் கோலம்தான். யாரு போட்டதைத் தப்புன்னு சொல்ல முடியும்? பாட்டி எழுந்து நின்னு "நான் இவ்வளவு புள்ளி வெச்சேனே"ன்னு கேட்டப்ப எங்க யார்கிட்டயும் பதில் இல்ல.

அதனால "15 புள்ளி, 8 முடிய, இடுக்குப்புள்ளி, சிக்குக்கோலம்" அப்படின்னு முழுசா எழுது. கட்டம் எவ்வளவுன்னும் சொல்லிடு. 4 அடிக்கு 4 அடி கொடுத்தா புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விடலாம். நடு வரிசை 42 அங்குலம் வரும், ரெண்டு ஓரத்துலயும் மூணு மூணு அங்குலம் மிச்சம். காவிப் பட்டை போட அது போதும்.

வியாசர்பாடி
அக்கா சொல்றது சரி. ஆனா பெரிய சிக்கல் அரிசி மாவுதான். அரிசி மாவுல போட்டிக் கோலமே போட முடியாது. திட்டுத்திட்டா விழும், காத்துல பறக்கும். எங்க அபார்ட்மென்ட்ல ஸ்பான்சர் கொடுத்த மாவுல போட்டு எல்லாருக்குமே கோடு அழிஞ்சுபோச்சு. வெள்ளைக்கல் கோலப்பொடின்னு எழுதிடுங்க, அதான் கனமா நின்னு விழும்.

மில் வேலை (தண்டையார்பேட்டை)
நான் 20 வருஷத்துக்கு மேல மிஷின்ல நிக்கிறேன். வியாசர்பாடி சொல்றது பாதி உண்மை. உங்களுக்குக் கொடுத்தது இடியாப்ப மாவா இருக்கும். அரிசியை ஊற வெச்சு, நிழல்ல உலர்த்தி, நைசா அரைச்சு, வறுத்து வர்ற மாவு அது. ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சா அப்பிக்கும், விட்டா பொத்துன்னு விழும்.

கோலத்துக்கு அரைக்கிறது வேற. ஊற வைக்காத காய்ஞ்ச பச்சரிசி, நொய்யா இருந்தாலும் போதும். கல்லைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டினா நைஸ் ரவைக்கும் மாவுக்கும் நடுப்பதத்துல வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சுத் தேய்ச்சா நறநறன்னு தெரியணும். உள்ளங்கையில அழுத்திப் பிடிச்சுத் திறந்தா உருண்டையா நிக்காம உதிரணும். அந்தப் பதம் கோடா விழும், லேசான காத்துக்கும் நிக்கும்.

இன்னும் ரெண்டு விஷயம் மாமாகிட்ட சொல்லுங்க. மிஷின்லேர்ந்து மாவு சூடா வரும். உடனே கவர்ல போட்டுக் கட்டினா உள்ளுக்குள்ள வேர்த்துக் கட்டி தட்டும். துணியில பரப்பி நல்லா ஆறின பிறகுதான் கட்டணும். அப்புறம், மிளகாய் அரைச்ச மிஷின்ல இதை ஓட்டக் கூடாது. எவ்வளவு துடைச்சாலும் முதல் ரெண்டு மூணு கிலோவுல சிவப்பு வந்துடும், போடுறவங்க கையும் எரியும்.

வியாசர்பாடி
அப்படின்னா ரவைப்பதம்னு சொல்லி அரைச்சா நான் ஒத்துக்கறேன் அண்ணா. எறும்பு, அணிலுக்கும் ஆகும். ஆனா ஒருத்தர் வீட்லேர்ந்து கல்பொடி கொண்டுவந்து கலந்துட்டா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

திருவொற்றியூர் அக்கா
கண்ணால பார்த்துச் சொல்றது கஷ்டம். அதனாலதான் மாவை ஒரே அளவா கட்டி, ஆரம்பிக்கிற நேரத்துல கட்டத்துலயே கொடுக்கணும். ஆளுக்கு அரைக் கிலோ தாராளம். வெளி மாவு, வெளிப் பொடி, அச்சு, சல்லடை எதுவும் கூடாதுன்னு அறிவிப்புலயே எழுது. காவி மட்டும் அவங்க கொண்டுவரட்டும்.

ராயபுரம்
கேப்ஷன் போட்டியா இது? கோலத்தை போட்டோ எடுத்து அதுக்கு ஒரு வரி எழுதி அனுப்பணுமா? எங்க பொண்ணு நல்லா எழுதுவா.

கொருக்குப்பேட்டை
இல்லங்க, போட்டிக்கான அறிவிப்பு வாசகம் இது. கோலம் தெருவுல வந்துதான் போடணும். உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க.

ராயபுரம்
ஓ, சரி. அப்படின்னா போட்டோ அனுப்புற போட்டி வேண்டாம்னு நானே சொல்வேன். போன வருஷம் ஒரு கடை நடத்தினதுல நாங்க அனுப்பினோம். சாய்வா எடுத்த போட்டோவுல வட்டம் முட்டையா தெரிஞ்சுது. ஜெயிச்ச கோலம் அந்த வருஷம் போட்டதே இல்ல, பழைய படம்னு அப்புறம் பேசிக்கிட்டாங்க.

பெரம்பூர், ஆடிட் ஆபீஸ்
எல்லாரும் கோலத்தைப் பார்க்கிறீங்க. எனக்கு அந்த "1 கிலோ வாங்கினால் கூப்பன்", "குலுக்கல்" ரெண்டும்தான் உறுத்துது. பொருள் வாங்கினா சீட்டு, சீட்டைக் குலுக்கிப் பரிசுங்கிற மாதிரி திட்டங்களைத் தடுக்க தமிழ்நாட்டுல 1979லேயே தனிச் சட்டம் வந்தாச்சு. பெரிய கம்பெனி விளம்பரத்துல அடியில பொடி எழுத்துல "தமிழ்நாட்டில் பொருந்தாது"ன்னு போட்டிருப்பாங்களே, காரணம் அதுதான். எங்க கிளையன்ட் ஒருத்தர் பொங்கல் குலுக்கல்னு பேனரே அடிச்சுட்டு, இதைக் கேட்டதும் கழட்டிட்டார்.

எண்ணூர்
அப்ப பரிசுன்னு எதுவுமே கொடுக்கக் கூடாதா? ஊரெல்லாம் போட்டி நடக்குதே. மயிலாப்பூர்ல மாட வீதியில வருஷா வருஷம் நடக்குது.

பெரம்பூர், ஆடிட் ஆபீஸ்
திறமைக்கு மார்க் போட்டுக் கொடுக்கிற பரிசு வேற, குலுக்கல் வேற. மாவு வாங்கணும்ங்கிற கட்டாயத்தை எடுத்துடுங்க, குலுக்கலை எடுத்துடுங்க. யாரு வேணா இலவசமா பேர் கொடுக்கலாம்னு எழுதுங்க. அதுக்கு மேல சந்தேகம் இருந்தா மாமா ஒரு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை
அந்த "ஒரு வருடம் இலவச அரைவை" பத்தி நான் சொல்றேன். எங்க பக்கத்து மில்லுல இதே பரிசை வெச்சாங்க, ஜெயிச்சது எங்க அண்ணி. முதல் மாசம் இட்லி அரிசி, கோதுமைன்னு போச்சு, யாரும் எதுவும் சொல்லல. ரெண்டாவது மாசம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு மிளகாய், தனியா எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. மில்காரர் கூலி கேட்டார். அண்ணி ஸ்டேட்டஸ்ல போட்ட அறிவிப்பைக் காட்டினாங்க, அதுல அளவும் இல்ல, எந்தப் பொருள்னும் இல்ல. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்துச்சு. ஆனா அதோட அண்ணி அந்தக் கடைக்குப் போறதையே விட்டுட்டாங்க. பரிசுக்குக் கணக்கு எழுதாம விடாதீங்க.

எண்ணூர்
எங்க அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி. சிக்குக்கோலம் அவங்க கைக்கு வர்ற மாதிரி எனக்கு வராது. ஆனா ஒன்றரை மணி நேரம் குனிஞ்சு நிக்க முடியாது. மணைக்கட்டை போட்டு உக்காந்து போடலாமா? புள்ளி மட்டும் நான் வெச்சுக் கொடுக்கலாமா?

திருவொற்றியூர் அக்கா
மணைக்கட்டை போட்டுக்கட்டும், அதுல என்ன. புள்ளியை நீ வெக்கிறதுதான் சரியா வராது கண்ணு. இடுக்குப்புள்ளி ஒரு வரிசை கோணினா மொத்தச் சிக்கும் கோணும், புள்ளி வெக்கிறதே பாதி வேலை. வேணும்னா 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு 9 புள்ளி, 5 முடியன்னு தனிப் பிரிவு வெக்கலாம். அது 61 புள்ளிதான்.

கொருக்குப்பேட்டை
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமாவை உக்கார வெச்சு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினேன். குலுக்கலை விடத்தான் ரொம்ப யோசிச்சார், சட்டம்னதும் சரின்னுட்டார். மில்லுக்கு ஆள் வரணும்ங்கிறது அவர் கவலை. டோக்கனை மில் கவுண்டர்ல கொடுத்தா எல்லாரும் ஒரு தடவை வரத்தான் போறாங்கன்னு சொன்னேன். புது வாசகம்:

"எங்கள் மில்லின் மார்கழிக் கோலப்போட்டி. ஜனவரி 11, ஞாயிறு, காலை 6.30 முதல் 8 மணி வரை, மில் இருக்கும் தெருவில்.

15 புள்ளி, 8 முடிய, இடுக்குப்புள்ளி. சிக்குக்கோலம் மட்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 9 புள்ளி, 5 முடிய. கட்டம் 4 அடிக்கு 4 அடி. கோலமாவு அரைக் கிலோ நாங்கள் தருவோம். வெளி மாவு, கல்பொடி, வண்ணப்பொடி, அச்சு கூடாது. காவி கொண்டுவரலாம். புள்ளியும் கோடும் ஒருவரே போட வேண்டும். உட்கார மணைக்கட்டை வைத்துக்கொள்ளலாம்.

விட்டுப்போன புள்ளி, முட்டி நிற்கும் கோடு, அழித்த தடம் இவற்றுக்கு மார்க் குறையும். கட்டத்தில் டோக்கன் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது.

இரு பிரிவுக்கும் தனித்தனிப் பரிசு. முதல் பரிசு 25 கிலோ பச்சரிசி. இரண்டாம் பரிசு 10 கிலோ. மூன்றாம் பரிசு 6 மாதம், மாதம் 5 கிலோ வரை அரைவைக் கூலி இல்லை (அரிசி, கோதுமை, கேழ்வரகு மட்டும்). கலந்துகொள்ளும் எல்லோருக்கும் 1 கிலோ இடியாப்ப மாவு.

கட்டணம் இல்லை. எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஜனவரி 9 மாலைக்குள் மில் கவுண்டரில் பெயர் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளவும். 30 கட்டம் மட்டுமே."

ஒரு சந்தேகம் பாக்கி. முழுக்கோலமும் ஒரே இழையில முடிஞ்சா கூடுதல் மார்க் கொடுக்கலாமா?

திருவொற்றியூர் அக்கா
எனக்கு அதுல இஷ்டமில்ல. மூணு நாலு இழையா பின்னி வர்ற நல்ல சிக்கெல்லாம் இருக்கு, அதுங்களுக்கு ஏன் மார்க் குறையணும்?

பழைய வண்ணாரப்பேட்டை
ஒரே இழையில எடுக்கிறது பெரிய வித்தை அக்கா. அதுக்கு ஒரு மார்க்காவது கொடுக்கணும். எங்க அண்ணி ஜெயிச்சதே அதுலதான்.

மில் வேலை (தண்டையார்பேட்டை)
அதை நீங்க பேசி முடிவு பண்ணுங்க. தம்பி, முந்தின நாள் ராத்திரியே சாக்பீஸ்ல கட்டம் போட்டு, வண்டியெல்லாம் எடுக்கச் சொல்லிடுங்க. காலையில 5 மணிக்குள்ள தண்ணி தெளிச்சுக் கூட்டினா 6.30க்குத் தரை பாதி காய்ஞ்சிருக்கும். சொதசொதன்னு இருந்தா மாவு கரைஞ்சு கோடு அகலமாயிடும். மாவு அரைக்கிற அன்னிக்கு நானும் வரேன். முதல் கிலோவைத் தரையில விட்டுப் பார்த்துட்டு அப்புறம் மீதியை ஓட்டலாம்.

கொருக்குப்பேட்டை
தம்பி இல்லண்ணா, தங்கச்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைக்கிறோம், நாலு மணிக்கு வந்துடுங்க.