கிலிக்குக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லையாமே!

நெய்தல்குமார்: பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியில் உள்ள 'கிலிக்', 'பாகிகிசாமா' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஈடே கிடையாது என்று நேற்று ஒருத்தர் அளந்துவிட்டிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2016-லேயே கிலிக்கைச் சேர்த்தாயிற்று. அப்புறம் எது இல்லை?

கப்பல்காரன்: அந்த ஒருத்தர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அகராதியில் ஏறியது தகலாக் சொல்தானே? பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குடையைக் காட்டி, 'எங்களிடம் எப்போதும் குடை இருந்தது' என்பீர்களா?

நெய்தல்குமார்: 2016. அகராதியில் இருந்தால் அது ஆங்கிலச் சொல். முடிந்தது.

மல்லிகா_62: எனக்கு ஏசி பேருந்தில் ஏறினாலே உடம்பு சிலிர்க்கும். அதுவும் கிலிக்கா?

கப்பல்காரன்: நீங்கள் கிண்டலாகக் கேட்டாலும் அது பாதி சரி அக்கா. சிறுநீர் கழித்ததும் உடம்பு ஒரு குலுக்கு குலுக்குமே, அதற்கும் அவர்கள் கிலிக் என்பார்கள். திரையில் நாயகன் நாயகியின் கையைத் தொட்டதும் பார்ப்பவர் தலையணையைக் கட்டிக்கொண்டு கத்துவதும் கிலிக். காதல் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை, அடுத்தவர் காதலைப் பார்த்தாலும் வரும்.

நெய்தல்குமார்: கழிவறை வரைக்கும் போயாச்சு. 2016-க்குப் பதில் எங்கே?

தமிழ்ப்பித்தன்: பாகிகிசாமா என்றால் நட்புதானே? பிலிப்பைன்ஸ்காரர்களின் அடிப்படைப் பண்பே அதுதான் என்று படித்திருக்கிறேன்.

கப்பல்காரன்: அப்படிப் பரப்பியது அமெரிக்கப் பாதிரியார் ஃபிராங்க் லிஞ்ச் போன்றவர்கள். பிலிப்பினோ உளவியலாளர் விர்ஹீலியோ என்ரீகேஸ் அதை ஏற்கவில்லை. மனிதர்கள் பழகுவதை அவர் எட்டுப் படிகளாக வைத்தார். பாகிகிசாமா ஐந்தாம் படிதான், இன்னும் அயலாராகவே இருப்பவரோடு ஒத்துப்போவது. ஒட்டி உறவாடுவது அதற்கு மேலே தொடங்குகிறது. அடிப்படை என்று அவர் சொன்னது காப்வாவை, அடுத்தவரும் நானும் வேறல்ல என்ற எண்ணத்தை.

இதைக் கப்பலில் நேரில் பார்த்தேன். சனிக்கிழமை இரவு மெஸ்ஸில் கரோக்கே. புது ஆயிலர் ஒருவன், பிலிப்பினோதான், பாட மறுத்து அறைக்குப் போய்விட்டான். 'வாலாங் பாகிசாமா' என்றார்கள், கூடிப் போகத் தெரியாதவன் என்று. அடுத்த வாரம் அவன் தலைவலியோடு வந்து இரண்டு பாட்டுப் பாடினான். இதை நட்பு என்பீர்களா? நிர்ப்பந்தமும் அதில் இருக்கிறது.

நெய்தல்குமார்: அதற்கு ஆங்கிலத்தில் 'கெட்டிங் அலாங்' இருக்கிறதே. பாட மறுப்பவனைத் திட்டுவது எல்லா ஊரிலும் உண்டு, என் சித்தப்பா கல்யாண வீட்டிலும் உண்டு.

கப்பல்காரன்: திட்டுவது உண்டு. 'உனக்கு கெட்டிங் அலாங் இல்லை' என்று சொல்லித் திட்டுவார்களா?

நெய்தல்குமார்: கப்பலில் சமையல்காரராக இருந்துகொண்டு மானுடவியல் பேசுகிறீர்கள்.

கப்பல்காரன்: மூன்றாம் இன்ஜினியர். பிரியாணித் திரியிலும் நீங்கள் இதையேதான் சொன்னீர்கள். அங்கேயும் தோற்றீர்கள்.

தமிழ்ப்பித்தன்: பிரியாணித் திரியில் தோற்றது நீங்கள்.

மல்லிகா_62: ஐயோ, மறுபடி பிரியாணியா?

நெய்தல்குமார்: 2016.