ஒரே தகவல், வேறு வேறு வார்த்தை: மெமரி டூப்ளிகேட்டை இணைக்கும்போது ஒவ்வாமைக் குறிப்பு காணாமல் போகிறது

அடுக்குச்சட்டி (கேள்வி)

வணக்கம். மாதச் சாப்பாடு கொடுக்கும் ஒரு மெஸ்ஸுக்குச் சாட்பாட் எழுதியிருக்கேன். வாடிக்கையாளர் பேசுறதுல ஞாபகம் வச்சுக்க வேண்டியதை மட்டும் எல்எல்எம் எடுத்து, வரி வரியா போஸ்ட்கிரெஸ்ல மெமரியா சேமிக்குது. ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமா, நாளுக்கொரு விதமா சொல்றதால டேபிள் பெருத்துப் போச்சு. அதனால ராத்திரி ஒரு ஜாப் ஓடும். `multilingual-e5-base` எம்பெடிங், ஒற்றுமை 0.90-க்கு மேல இருந்தா புது வரியை வச்சுக்கிட்டுப் பழசை அழிச்சிடும்.

ஒரு வீட்டோட வரிகள்:

```
41  மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை
57  பையனுக்குக் கடலை ஒத்துக்காது
63  மகளுக்கு வேர்க்கடலை சட்னி பிடிக்கும்
```

41-க்கும் 63-க்கும் 0.91 வந்து, 41 அழிஞ்சிடுச்சு. 41-க்கும் 57-க்கும் 0.88 தான், அதனால 57 அப்படியே நிக்குது. மறுநாள் அட்டையில 57-ஐப் பார்த்த சமையல்காரர், கடலைன்னா கொண்டைக்கடலைன்னு எடுத்துக்கிட்டுச் சுண்டலை மட்டும் நிறுத்திட்டார். பையன் டப்பாவுல வேர்க்கடலை சட்னி ஏறிடுச்சு. பேக்கிங் பண்ற அக்கா பார்த்து எடுத்தாங்க. வரம்பை எங்க வைக்கிறது?

வடபழனி வாசு

0.95 வைங்க ப்ரோ. நான் எப்பவும் அதான் வைப்பேன். தப்பா இணையறது நின்னுடும். அதுக்கு முன்னாடி, எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கிற வரிகளை ஹேஷ் போட்டு அழிச்சிடுங்க, அதுல எந்த ஆபத்தும் இல்ல.

மாலதி_க

என் போன்ல இருக்கிற சாட் செயலியிலயும் இதே தொல்லைங்க. நான் டீச்சர்னு மூணு விதமா சேமிச்சு வச்சிருக்கு, இப்ப மெமரி நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லுது. இந்த எஸ்க்யூஎல் எல்லாம் எனக்கு எங்க போடணும்?

தறிநிழல்

மாலதி மேடம், உங்களுக்கு எஸ்க்யூஎல் வேண்டாம். செட்டிங்ஸ்ல மெமரி பட்டியல் இருக்கும். மூணுல எது முழுசா இருக்கோ அதை விட்டுட்டு மத்த ரெண்டையும் கையால நீக்குங்க. நீக்குறதுக்கு முன்னாடி, அதுல மட்டும் இருக்கிற விவரம் ஏதாவது உண்டான்னு ஒரு தடவை படிச்சிடுங்க.

அடுக்குச்சட்டி, உங்க ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சேரக்கூடாத ஜோடி 0.91, சேர வாய்ப்புள்ள ஜோடி 0.88. வரிசையே தலைகீழா இருக்கு. 0.95 வச்சா ரெண்டும் சேராது, 0.85 வச்சா ரெண்டும் சேரும். சரியானதை மட்டும் சேர்க்கிற எண் நடுவுல எங்கேயுமே கிடையாது. e5 மாடல்ல ஒற்றுமை பெரும்பாலும் 0.7-லிருந்து 1.0-க்குள்ளேயே விழும்னு அதோட மாடல் பக்கத்துலயே போட்டிருக்கு. அதனால 0.90-ங்கிறது பெரிய ஒற்றுமையைக் காட்டுற எண் இல்ல. எதுக்கும், எம்பெடிங் எடுக்கும்போது ரெண்டு பக்க வரிக்கும் முன்னாடி `query: ` சேர்க்கிறீங்களான்னு பாருங்க.

எம்பெடிங் ரெண்டு வரியும் ஒரே விஷயத்தைப் *பத்தினதா*ன்னு ஓரளவு சொல்லும். ரெண்டும் ஒரே விஷயத்தைச் *சொல்லுதா*ன்னு அதுக்குத் தெரியாது. பிடிக்கும், பிடிக்காது ரெண்டும் அதுக்கு அக்கம்பக்கம்தான். மகன், மகள் வித்தியாசமும் அப்படியே கரைஞ்சிடும். அதனால அதை ஜோடி தேடுறதுக்கு மட்டும் வச்சுக்குங்க, தீர்ப்புச் சொல்ல விடாதீங்க. யாரைப் பத்தின தகவல்ங்கிறதைச் சேமிக்கும்போதே டேபிள்ல `person`னு ஒரு தனி நெடுவரிசையில எழுதிட்டா, 41-ம் 63-ம் எதிரெதிரே வரவே வராது:

```sql
SELECT id, fact
FROM memories
WHERE customer_id = $2 AND person = $3
  AND superseded_by IS NULL
ORDER BY embedding <=> $1
LIMIT 5;
```

இதுல வர்ற அஞ்சு வரியையும் புது வரியோட ஒவ்வொண்ணா எல்எல்எம் கிட்ட கொடுத்து ரெண்டு கேள்வி கேளுங்க. முதல் வரி உண்மைன்னா ரெண்டாவது கண்டிப்பா உண்மையா? ரெண்டாவது உண்மைன்னா முதல் வரி கண்டிப்பா உண்மையா? ரெண்டுக்கும் ஆமாம்னா அதுதான் டூப்ளிகேட். ஒரு பக்கம் மட்டும் ஆமாம்னா, விவரம் கூடுதலா இருக்கிற வரியை வச்சுக்குங்க. ‘மகனுக்கு முட்டை, மீன் ஒத்துக்காது’ இருந்தா ‘மகனுக்கு மீன் ஒத்துக்காது’ தேவையில்ல. அது புதுசா வந்ததா இருந்தாலும் தேவையில்ல. புதுசே ஜெயிக்கும்ங்கிற உங்க விதி இங்கதான் விவரத்தைத் தின்னுடும். ரெண்டுக்கும் இல்லைன்னா தொடாதீங்க. ஒண்ணை ஒண்ணு மறுத்தா அது டூப்ளிகேட்டே இல்ல, மனசு மாறின விஷயம். அதைத் தேதி பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

`DELETE` எங்கேயும் வேண்டாம். விலக்குற வரியோட `superseded_by`-ல, வச்சுக்கிற வரியோட ஐடியை எழுதினாப் போதும். தப்பா சேர்ந்தா ஒரே அப்டேட்ல பிரிச்சிடலாம். இன்னொண்ணு, ரெண்டையும் கலந்து அழகா ஒரு வரி எழுதித் தான்னு எல்எல்எம் கிட்ட கேட்காதீங்க. ஒவ்வொரு ராத்திரியும் அது கொஞ்சம் மாத்தி எழுதும். கொஞ்ச நாள்ல ‘ஒவ்வாமை’ங்கிறது ‘விரும்புவதில்லை’ன்னு ஆகி நிக்கும். இருக்கிற வரிகள்ல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க, புதுசா எழுத வேண்டாம்.

பத்தமடை

வாசு சொன்ன ஹேஷ் விஷயத்துல ஒண்ணு. நானும் உணவுக்கான பாட் தான் வச்சிருக்கேன். ‘இந்த வாரம் வெங்காயம் பூண்டு வேண்டாம்’னு ஒரே வாடிக்கையாளர் புரட்டாசியில ஒரு தடவை, தை மாசம் சபரிமலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொன்னார். எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான், ஆனா ரெண்டும் வேற தகவல். சேமிக்கும்போதே ‘இந்த வாரம்’ங்கிறதை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்னு மாத்தி எழுதணும். அப்புறம் ஹேஷ் போட்டா பயமில்ல.

வடபழனி வாசு

ஆமா, என் ஆப்ல தேதி சம்பந்தப்பட்டது எதுவும் கிடையாது, அதனால அது தோணல. ஆனா ஒவ்வொரு ஜோடிக்கும் எல்எல்எம் கூப்பிட்டா செலவு எகிறாதா? அதுக்கு, ஒரு வரி உண்மைன்னா இன்னொண்ணும் உண்மையான்னு பார்க்கிற என்எல்ஐ மாடல் சின்னதா ஒண்ணு போதுமே.

தறிநிழல்

மொத்த டேபிளையும் மோத விட்டாத்தான் எகிறும். புது வரி வரும்போது மட்டும், அதே ஆளோட அஞ்சு வரியோட மட்டும் பார்த்தா அவ்வளவு ஆகாது. என்எல்ஐ யோசனை நல்லதுதான், ஆனா என்எல்ஐக்கான எக்ஸ்என்எல்ஐ தரவுத் தொகுப்புல இருக்கிற 15 மொழியில தமிழ் இல்ல. இந்தி, உருது இருக்கு. அதுல மட்டும் பழகின மாடலை எடுக்கிறதுக்கு முன்னாடி, நீங்களே கையால குறிச்ச நூறு ஜோடியாவது வச்சுச் சோதிங்க. ‘ஒத்துக்காது’, ‘ஆகாது’, ‘சேராது’ மாதிரி பேச்சு வார்த்தைகள் அதுல கண்டிப்பா இருக்கட்டும்.

அடுக்குச்சட்டி

`person` நெடுவரிசை சேர்த்து, ரெண்டு கேள்வி முறைக்கு மாத்தியாச்சு. பேக்கப்புல இருந்து 41-ஐ மீட்டுட்டேன். 63 அதோட பேச்சுக்கே வரல. தமிழை ஆங்கில எழுத்துல அடிச்சு வந்த வரிகள்தான் முதல் அஞ்சுக்குள்ளயே வராம இருந்துச்சு. சேமிக்கும்போதே தமிழ் எழுத்துக்கு மாத்தினதும் பெரும்பாலும் வருது.

இப்ப 41, 57 தான் மாட்டுது. ஒரு தடவை ரெண்டும் ஒண்ணுங்குது, அடுத்த தடவை ஒரு பக்கம் மட்டும்தான்ங்குது.

பத்தமடை

அது எல்எல்எம்மோட குறை மட்டும் இல்லைங்க. எங்க வீட்டுல கடலைன்னா வேர்க்கடலை, உங்க சமையல்காரருக்குக் கொண்டைக்கடலை. 57-ஐச் சொன்ன அம்மாவுக்கு என்னன்னு அந்த வரியில இல்லையே. ரெண்டையும் அப்படியே விட்டு, ‘எந்தக் கடலை?’ன்னு அவங்களையே கேட்க வைங்க. பதில் வர்ற வரைக்கும் அட்டையில ரெண்டு வரியும் தெரியட்டும், ரெண்டு கடலையும் போட வேண்டாம்.

தறிநிழல்

ஒவ்வாமை, மருந்து சம்பந்தப்பட்ட வரி எதையும் தானா இணைக்கவே விடாதீங்க, மனுஷர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் இணையணும். அந்த வகையில டூப்ளிகேட் நாலு கிடந்தா கிடக்கட்டும்.

அடுக்குச்சட்டி

அப்படியே போட்டுட்டேன், கேள்வியும் அனுப்பியாச்சு, பதில் இன்னும் வரல. இன்னொரு சிக்கல்: சில வீட்டுல ‘பெரியவன்’, ‘சின்னவன்’, ‘தம்பி’னு சொல்றாங்க. ‘தம்பி’ மகனா, சொல்றவரோட தம்பியான்னு தெரியாம `person` நெடுவரிசையே தப்பா விழுது. இதை யாராவது தீர்த்திருக்கீங்களா?